ஃப்ரீசர் தேங்காயில் முதல் பால் ஏன் நீர்த்துப்போகிறது?

ஃப்ரீசரிலிருந்து எடுத்த துருவலை அப்படியே மிக்சியில் அரைத்துப் பிழிந்தால், முதல் பாலே இரண்டாம் பால் போல நீர்த்து வருகிறது. தேங்காய் சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கெட்டிப்பால் முழுவதும் நீங்கள் எறியப்போகும் சக்கையில்தான் இருக்கிறது.

[காட்சி: உறைந்த தேங்காய் எண்ணெய் பாட்டில்]

மார்கழிக் காலையில் நம் வேலூர் வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்கும். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் அந்த எண்ணெய் இறுகத் தொடங்குகிறது. துருவலுக்குள் இருப்பதும் அதே எண்ணெய்தான். ஆகவே குளிர்ந்த துருவலில் குளிர்ந்த நீரை ஊற்றி அரைக்கும்போது, கொழுப்பு நீரில் கலக்காமல் வெள்ளைத் துகள்களாகத் திரண்டு ஜாரின் சுவரிலும் துணியிலும் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் துகள்களைக் கண்டால் காரணம் குளிர்தான் என்று அறியலாம்.

[காட்சி: துருவல் மீது வெந்நீர் ஊற்றுதல்]

ஆப்பத்துக்குப் பால் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் துருவினால் சுமார் இரண்டு கப் கிடைக்கும். உறைந்த துருவலைக் கட்டி முழுவதும் உதிரும்வரை வெளியே வைத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் முக்கால் கப் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். பாலிலுள்ள புரதம் அந்தச் சூட்டில் திரிந்துவிடும். பிறகு மிக்சியை விட்டு விட்டு ஓட்டி, மெல்லிய வெள்ளைத் துணியில் கொட்டி, முறுக்கிப் பிழியுங்கள். இந்த முதல் பால் கரண்டியின் பின்புறத்தில் வெண்படலமாகப் படிய வேண்டும். சக்கையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் கொழுப்பு இன்னும் மிச்சம், இன்னொரு முறை இறுக்கிப் பிழியலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லிவிடுகிறது. உங்கள் வீட்டுச் சக்கை எப்படி இருந்தது என்பதைக் கீழே எழுதுங்கள்.

அதே சக்கையில் ஒரு கப் வெந்நீர் விட்டு அரைத்தால் இரண்டாம் பால் வரும். குருமாவில் காய் வேக அதையும், அடுப்பை அணைக்கும் தறுவாயில் முதல் பாலையும் சேருங்கள். கெட்டிப்பால் கொதித்தால் எண்ணெய் பிரியும்.

[காட்சி: தட்டையான பொட்டலங்கள்]

உறைய வைப்பதில் அளவே முக்கியம். உடைத்த அன்றே, ஓட்டையொட்டிய பழுப்புத் தோல் சேராமல் துருவி, ஒரு தேங்காய்க்கு ஒரு பொட்டலமாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உதிரும். உருண்டையாகத் திணித்தால், ஒரு கைப்பிடி எடுப்பதற்காகக் கட்டி முழுவதையும் இளக வைத்து மறுபடி உறைய வைக்க நேரிடும், அது வாசனையைக் கெடுக்கும். கோடையில் நீண்ட மின்வெட்டு வந்து பொட்டலம் முழுதாக இளகிவிட்டால், திரும்ப உறைய வைக்காமல் முகர்ந்து பாருங்கள்; புளிப்போ சோப்பு வாடையோ இல்லையென்றால் அன்றே பால் எடுத்துவிடுங்கள்.