பாட்டிலுக்குள் எத்தனை ஸ்பூன்?

(பெரம்பூரில் குடியிருப்போர் நலச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, வேறு நிகழ்ச்சிக்குச் செல்லவேண்டியிருந்தும் இறுதிவரை இருப்பதாக உறுதியளித்துள்ள மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, இந்த அரங்கை அன்புடன் அளித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகத் துண்டு அணிவித்து என் பல நாள் வேண்டுகோளை நிறைவேற்றிய செயலாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். ஆற்றுக்கே அளவு சொன்ன நாம், பிள்ளையின் வயிற்றுக்குள் போவதை அளக்கிறோமா என்பதே என் கேள்வி. குளிர்பானத்தின் சர்க்கரைக் கணக்கு, பல் சொத்தை, மாற்றுப் பானங்கள் என மூன்றைப் பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். முதலாவதைத் தொடங்குகிறேன்.

கணக்கு எளியது. தலைதட்டிய ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரை பிடிக்கும். ஆகவே கிராமை நான்கால் வகுத்தால் ஸ்பூன் கிடைத்துவிடும். குவித்து அள்ளினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். பிழை நேர்வது வகுப்பதில் அன்று, எந்த எண்ணை வகுப்பது என்பதில்தான். அதற்கு என் அத்தை வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

அத்தை மகன் தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றுபவர். அவர் கண்ணுக்குக் கணக்கு தப்பாது என்று குடும்பமே நம்புகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணியோடு வந்த 600 மில்லி பாட்டிலை அவருடைய ஏழு வயது மகன் மடியில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அத்தை முறைத்தார். மகனோ பின்பக்க அட்டவணையைப் படித்து, “பத்தரை கிராம்தாம்மா, மூணு ஸ்பூன்கூட முழுசா இல்ல, உங்க காபியிலயே அவ்வளவு இருக்கு” என்றார். காபியை இழுத்ததுதான் வினையாயிற்று. அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த எண்ணின் தலைப்பை விரல் வைத்துப் படித்தார்: ‘100 மி.லி.க்கு’. “டேய், இவன் என்ன நூறு மில்லியோட எழுந்திருக்கப் போறானா?” என்று கேட்டுவிட்டு, ஒரு டம்ளரையும் சர்க்கரை டப்பாவையும் எடுத்து வந்தார். 100 மில்லியில் 10.6 கிராம் என்றால் 600 மில்லியில் 63.6 கிராம், நான்கால் வகுத்தால் ஏறத்தாழ 16 ஸ்பூன். பேரனையே உரக்க எண்ணச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கத்தியால் தலைதட்டிப் போட்டார். பத்தாவது ஸ்பூனில் பையன் சிரிப்பதை நிறுத்தினான். பதினாறாவதில் அத்தை மகன், “சரிம்மா, திருப்பி டப்பாவுல கொட்டிடுங்க” என்றார். “ஏன், நீ கொஞ்சம் தண்ணி ஊத்திக் குடிச்சுக் காட்டேன்” என்றாரே பார்க்கலாம்! (சிரிப்பு) ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை அத்தைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இனி, அந்தப் பையனுக்கு எவ்வளவு ஆகும்? இரண்டு முதல் பதினெட்டு வயதுவரை, ஒரு நாளில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு ஸ்பூனுக்குள் இருக்கவேண்டும் என்று அமெரிக்க இதயநலச் சங்கம் 2016இல் வரையறுத்தது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதுவும் கூடாது. இது காலைப் பாலில் கலந்தது, பிஸ்கட், மிட்டாய் எல்லாவற்றையும் உள்ளடக்கிய நாள் கணக்கு. அதே பானத்தின் 250 மில்லி சிறு பாட்டிலே 26.5 கிராம் ஆகிவிடுவதால், வேறெதுவும் உண்ணாத பிள்ளைக்கும் அன்றைய வரம்பு கடந்துவிடுகிறது.

லேபிளில் சதவீதமும் இருக்கிறதே என்பீர்கள். என் மனக்குறையே அங்குதான். நம் நாட்டு விதிப்படி அந்தச் சதவீதம், நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவரின் 50 கிராம் சர்க்கரையை அடிப்படையாகக் கொண்டது. அதுவும் முழுப் பாட்டிலுக்கன்று, ஒரு பரிமாறும் அளவுக்கு. அந்த அளவு 200 மில்லி என்று வைத்துக்கொண்டால் 21.2 கிராம், அதாவது 42 சதவீதம் என்று அச்சாகும். பாதிக்கும் குறைவுதானே என்று தாய் ஆறுதலடைவார். பிள்ளையின் 25 கிராமோடு ஒப்பிட்டால் அதே எண் 85 சதவீதம்; அந்தப் பாட்டிலில் அப்படி மூன்று பரிமாறல்கள் இருக்கின்றன.

ஆகவேதான் பாட்டிலின் முன்பக்கத்தில், தமிழில், முழுப் பாட்டிலுக்கும் எத்தனை ஸ்பூன் என்று பெரிய எண்ணில் அச்சிட வேண்டும் என்று மேடைதோறும் கேட்டுவருகிறேன். கடுகளவு எழுத்தில் கிராமை அச்சிட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்பதை நான் ஏற்பதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால், அளக்கிறவருக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவுகோல் வேண்டாமா? அது வரும்வரை, நம் தெருவின் ஒவ்வொரு கடையிலும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டை ஒட்டலாம் என்று கடைக்காரர்களிடம் பேசிவருகிறேன். இருவர் இசைந்துள்ளனர், மற்றவர்கள் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நேரம் முடிந்ததாகத் தலைவர் மணியடித்துவிட்டார். பல்லும் மாற்றுப் பானமும் அடுத்த கூட்டத்துக்கு நிற்கட்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்பவிருக்கும் கோரிக்கைத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை மாமன்ற உறுப்பினர் அம்மையார் இடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.