நீலத் தூணுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே

தலைவர் அவர்களுக்கும் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். சீலிங் ஃபேன் பிரிவின் ஐந்து காலாண்டு விற்பனை இப்போது திரையில் இருக்கிறது. இடது ஓரத்தில் போன வருடத்து ஜனவரி–மார்ச், வலது ஓரத்தில் இந்த வருடத்து ஜனவரி–மார்ச். நீலத் தூண் என்பது நாம் டீலர்களுக்கு பில் போட்ட ஃபேன்கள். சிவப்புக் கோடு, அவை கடையிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போன எண்ணிக்கை. ஜனவரியில் விலை ஏற்றினோம். ரூபாயில் காட்டினால் அந்த ஏற்றமும் வளர்ச்சி போலத் தெரியும் என்பதால் எண்ணிக்கையிலேயே வரைந்திருக்கிறோம்.

வலது ஓரத்துத் தூண்தான் முதலில் கண்ணில் படும். 3.36 லட்சம் ஃபேன். பக்கத்தில் இருக்கும் அக்டோபர்–டிசம்பர் தூண் 2 லட்சம்தான். தயவுசெய்து இவை இரண்டையும் ஒப்பிட வேண்டாம். கோடைக்கு முன் டீலர்கள் சரக்கு எடுப்பது வருடா வருடம் நடப்பது. ஒப்பிட வேண்டியது இடது ஓரத்துத் தூணோடு: அது 3 லட்சம். ஆக பில்லிங்கில் வளர்ச்சி 12 சதவீதம்.

இப்போது அதே இரண்டு இடங்களில் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். போன வருடம் 2.60 லட்சம், இந்த வருடம் 2.52 லட்சம். தூண் உயர்ந்திருக்கிறது, கோடு 3 சதவீதம் இறங்கியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி 40 ஆயிரத்திலிருந்து 84 ஆயிரமாகிவிட்டது. இன்றைய கூட்டத்தில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

அந்த 84 ஆயிரம் ஃபேனும் டீலர் குடோனில் இருக்கிறது. ஏற்கெனவே இருந்த 80 ஆயிரத்தையும் சேர்த்தால் மார்ச் 31 அன்று டீலர்களிடம் 1.64 லட்சம் இருப்பு. போன வருடம் அதே நாளில் 1 லட்சம். சென்ற கோடையில் வாரத்துக்குச் சுமார் 24 ஆயிரம் விற்றது. அந்த வேகத்தில் அன்றைய இருப்பு நான்கு வாரத்துக்கு வந்தது, இன்றைய இருப்பு ஏழு வாரத்துக்கு வரும்.

காரணம் மார்ச் கடைசிப் பத்து நாளில் இருக்கிறது. இலக்கு அளவு சரக்கு எடுத்தால் கூடுதல் தள்ளுபடி என்று ஸ்கீம் விட்டோம், கிரெடிட்டையும் 45 நாளிலிருந்து 60 நாளாக்கினோம். காலாண்டின் 3.36 லட்சத்தில் 1.20 லட்சம் அந்தப் பத்து நாளில் பில் ஆனது. கணக்கு விதிப்படி சரக்கு டீலர் வசம் போனதும் அது நமக்கு விற்பனை, அதில் தவறில்லை. ஆனால் அந்த பில்களுக்குப் பணம் வர வேண்டியது மே கடைசியில். அதற்குள் சரக்கு விற்காவிட்டால் டீலர் பணத்தைத் தள்ளிப் போடுவார், அல்லது தள்ளுபடியை அப்படியே விலையில் விட்டு பக்கத்து ஊருக்கு அனுப்புவார். அங்குள்ள நம் டீலரின் விலை உடையும். மே மாதம் மழை பிடித்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

சிவப்புக் கோட்டை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் பில்லிங்கில் 70 சதவீதம் எடுக்கும் டீலர்களின் பில் மென்பொருளிலிருந்து வரும் விவரம் அது. மீதி 30 சதவீதம் மதிப்பீடு. அந்த 30 சதவீதக் கடைகள் நாம் நினைத்ததைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக விற்றிருந்தாலும் சுமார் 8 ஆயிரம் ஃபேன்தான் மாறும். அப்படியானால் 3 சதவீத இறக்கம் இல்லாமலே போகலாம், ஆனால் இடைவெளி 76 ஆயிரத்துக்குக் கீழே வராது. இன்னொரு சான்றும் உண்டு. வாடிக்கையாளர் வாரண்டிக்காக அட்டைப்பெட்டியின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது தயாரிப்பு மாதமும் வாங்கிய தேதியும் பதிவாகும். போன வருடம் மார்ச்சில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி முத்திரை. இந்த மார்ச்சில் டிசம்பர், நவம்பர் முத்திரை அதிகம்.

இனி ஏப்ரல்–ஜூன். போன வருடம் கடையில் விற்றது 3.10 லட்சம். இதே 3 சதவீத இறக்கம் தொடர்ந்தால் சுமார் 3 லட்சம் விற்கும். ஜூன் இறுதியில் டீலர் இருப்பு போன வருட அளவான 70 ஆயிரத்துக்கு வர வேண்டுமென்றால், 94 ஆயிரம் ஃபேன் ஏற்கெனவே குடோனில் இருக்கும் சரக்கிலிருந்து போக வேண்டும். நாம் பில் போடக்கூடியது 2.06 லட்சம் மட்டுமே. போன வருடம் அதே காலாண்டில் 2.80 லட்சம். அடுத்த முறை இந்தத் திரையில் வரும் நீலத் தூண் கால் பங்குக்கும் மேல் குட்டையாக இருக்கும்.

தொழிற்சாலையின் உற்பத்தித் திட்டம் இன்னும் 3 லட்சத்தில் நிற்கிறது. அதை இந்த வாரமே குறைக்கவும், ஜூன் ஸ்கீமில் தள்ளுபடியை எடுத்த சரக்குக்கு அல்லாமல் வாரண்டி ஸ்கேன் ஆன ஃபேனுக்கு மட்டும் தரவும் குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். அடுத்த பக்கத்தில் மண்டலவாரி இருப்பு இருக்கிறது. அதோடு விவாதத்தைத் தொடங்கலாம்.