ஓப்வோல், ட்ரொட்ஸ்டேம், ட்ஸ்வார்: ஜெர்மன் கருத்துக் கட்டுரையில் திருப்பம் எங்கே வர வேண்டும்?

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் விமானப் பயணச்சீட்டு விலைகளைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அது தள்ளிப்போகிறது. என் கையில் இருக்கும் இந்த அட்டையைப் பாருங்கள். ஜெர்மன் இணைப்புச் சொற்கள் அச்சிட்ட, பிளாஸ்டிக் பூசிய, ஒரே ஒரு அட்டை. விலை 12 யூரோ 90 சென்ட். அனுப்பும் கட்டணம் தனியாக 4 யூரோ 95. மொத்தம் 17 யூரோ 85! அந்தப் பணத்தில் ஒரு நல்ல இலக்கணப் புத்தகத்தையே பழைய புத்தகக் கடையில் வாங்கிவிடலாம். மூலைகளை உருட்டி வெட்டியிருக்கிறார்கள், குத்தாமல் இருக்குமாம். பணம் கொடுத்தபோதே குத்திவிட்டது.

விலையைக்கூட மன்னித்துவிடுவேன். இந்தப் பச்சைக் கட்டத்தைப் பாருங்கள், தலைப்பு 'எதிர்மறை', அதாவது 'ஆனால்', 'இருந்தாலும்' போலத் திருப்பம் தரும் சொற்கள். அதற்குக் கீழே ஓப்வோல், ட்ரொட்ஸ்டேம், ட்ஸ்வார்–ஆபர், வேரண்ட், யெடோஹ் எல்லாம் ஒரே வரிசையில், எதை வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள் என்பதுபோல் நிற்கின்றன. வினைச்சொல் எங்கே போகும் என்று ஒரு வார்த்தை இல்லை. ஜெர்மனில் அதுதானே பாதிச் சிக்கல்?

கோபத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அதே நாளில், கோவையில் ஜெர்மன் பி2 தேர்வுக்குத் தயாராகும் ஒரு தங்கை தன் கட்டுரையை அனுப்பியிருந்தார். தலைப்பு, ஜெர்மன் நெடுஞ்சாலையான ஆட்டோபானில் பொது வேகக் கட்டுப்பாடு வேண்டுமா. ஜெர்மானியர்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டை போட்டும் தீராத விஷயம் இது. ஆட்டோபானில் கார்களுக்கு இன்றும் பொதுவான உச்ச வேகம் கிடையாது. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை வேகம் மட்டுமே, அதற்கான விதி 1978ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பல பகுதிகளில் பலகை வைத்துக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் அவரவர் விருப்பம். கட்டுரைக்கு அருமையான தலைப்பு, ஏனென்றால் இரண்டு பக்கமும் உண்மையான வாதங்கள் இருக்கின்றன.

அவருடைய கட்டுரை இப்படிப் போகிறது: பாதுகாப்பு நல்லது, ஆனால் சுதந்திரம் போகும், அவ்ஸர்டேம், சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆனால் நேரம் வீணாகும், அவ்ஸர்டேம், பல இடங்களில் ஏற்கெனவே கட்டுப்பாடு இருக்கிறது, ஆகவே நான் ஆதரிக்கிறேன். என் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு, அவ்ஸர்டேம் என்றால் எனக்கு எப்படி எரியும் என்று தெரியும். 'அதுமட்டுமல்லாமல்' என்று அடுக்கிக்கொண்டே போகிறவர் எந்த வாதம் பெரியது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தக் கட்டுரையில் இலக்கணம் பெரும்பாலும் சரிதான், ஆனால் அவர் எந்தப் பக்கம் என்பது கடைசி வரியில்தான் தெரிகிறது, அதுவும் திடீரென்று.

இப்படி மாறி மாறிப் பேசுவதை ஜெர்மன் பள்ளிகளில் 'பிங்பாங்' முறை என்பார்கள். தவறான முறை இல்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் எதிர்மறைச் சொல் தேவை, ஒவ்வொன்றிலும் வினைச்சொல் இடம் மாறலாம். 150 சொற்களில் நான்கு திருப்பம் என்றால் படிப்பவருக்குக் கழுத்து வலிக்கும். எனக்குப் பிடித்தது இன்னொரு முறை, 'ஸான்ட்ஊர்', அதாவது மணற்கடிகை. முதலில் எதிர்த்தரப்பு வாதங்கள், பலமானதில் தொடங்கிப் பலவீனமானதுக்கு இறங்க வேண்டும். நடுவில் இடுப்பு, அங்கே ஒரே ஒரு திருப்பம். பிறகு உங்கள் வாதங்கள், சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிய வேண்டும். படித்து முடிப்பவர் மனத்தில் கடைசியாக நிற்பது உங்கள் மிகப் பலமான வாதம்.

தங்கையின் கட்டுரையை இதற்குள் போடுவோம். எதிர்த்தரப்பில் பலமானது நேரம்: நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு உண்மையிலேயே மிச்சமாகிறது. பலவீனமானது, 'பல பகுதிகளில் ஏற்கெனவே கட்டுப்பாடு இருக்கிறதே' என்பது. அதை இரண்டாவதாக வைத்தால் எதிர்த்தரப்பு தானாகவே சுருங்கி இடுப்புக்கு வந்து நிற்கிறது. இந்தப் பக்கத்தில் எரிபொருளும் புகையும் முதலில், பாதுகாப்பு கடைசியில். சுதந்திரத்தை நான் வெட்டிவிட்டேன். அதைச் சொன்னால் விளக்க வேண்டும், விளக்க இடமில்லை.

இப்போது இடுப்பு. இங்கே ட்ஸ்வார்–ஆபர் ஜோடியைத்தான் வைப்பேன். திரையில் ஜெர்மன் எழுத்தில் வருகிறது, நான் வாசிக்கிறேன்: 'ட்ஸ்வார் ஷ்பார்ட் மான் ட்ஸைட், ஆபர் டாஸ் ரீஸிகோ ஷ்டைக்ட்.' நேரம் மிச்சமாவது உண்மைதான், ஆனால் ஆபத்து கூடுகிறது. ட்ஸ்வார் வந்தவுடனே வினைச்சொல் 'ஷ்பார்ட்' வந்துவிட்டது, எழுவாய் 'மான்' அதற்குப் பின்னால். ஆபருக்குப் பிறகு தலைகீழ்: எழுவாய் 'டாஸ் ரீஸிகோ' முதலில், வினை அடுத்து. ஆபர் வாக்கியத்துக்கு வெளியே வாசலில் நிற்கும் சொல், அது இடத்தைப் பிடிப்பதில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு விதி, அட்டையில் ஒன்றும் இல்லை. 17 யூரோ 85!

'அங்கே ஓப்வோல் போட்டால் என்ன?' என்று தங்கை கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஓப்வோல் வர வேண்டுமென்றால் ஓர் எதிர்பார்ப்பு உடைய வேண்டும். நேரம் மிச்சமானால் ஆபத்து கூடாது என்று யாரும் எதிர்பார்ப்பதில்லையே? அங்கே நாம் நன்மையையும் தீமையையும் எடை போடுகிறோம், அதற்கு ட்ஸ்வார்தான் சரி. ஓப்வோலுக்கு வேறு உதாரணம் தருகிறேன். கட்டுப்பாடு இல்லை, அப்படியென்றால் எல்லோரும் பறப்பார்கள் என்று நினைப்போம், ஆனால் பலர் 130இல்தான் போகிறார்கள். எதிர்பார்ப்பு உடைந்தது. 'ஓப்வோல் எஸ் கைன் டெம்போலிமிட் கிப்ட், ஃபாரன் ஃபீல நூர் 130.'

இந்த வாக்கியத்தில் காற்புள்ளியைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் ஒரு வினை 'கிப்ட்', பின்னால் ஒரு வினை 'ஃபாரன்'. இரண்டு வினைகள் காற்புள்ளியின் இரு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றால் ஓப்வோல் வாக்கியம் சரி. வினை கடைசியில் வருவது நமக்குப் பழகியதுதான், தமிழிலும் அங்கேதான் வரும். அதனால் முதல் பாதியில் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவதில்லை. இரண்டாம் பாதியில், எழுவாயை முன்னால் வைத்து 'ஃபீல ஃபாரன்' என்று எழுதிவிடுகிறார்கள். இன்னொரு வியாதி, ஓப்வோல் போட்டுவிட்டு நடுவில் ஓர் ஆபரும் போடுவது. ஒன்று போதும்.

அதே செய்தியை ட்ரொட்ஸ்டேம் வைத்துச் சொன்னால், சொல் அடுத்த பாதிக்குப் போய்விடுகிறது: 'எஸ் கிப்ட் கைன் டெம்போலிமிட். ட்ரொட்ஸ்டேம் ஃபாரன் ஃபீல நூர் 130.' ஓப்வோல் காரணத்தின் தலையில் உட்காரும். ட்ரொட்ஸ்டேம் வியப்பின் தலையில் உட்காரும். ட்ரொட்ஸ்டேம் முதல் இடத்தைத் தானே எடுத்துக்கொள்வதால், அடுத்தது வினைதான். 'ட்ரொட்ஸ்டேம் ஃபீல ஃபாரன்' என்று எழுதினால் வினை மூன்றாவது இடத்துக்குப் போய்விடும், சிவப்பு மை வரும். இரண்டும் ஒரே பச்சைக் கட்டத்தில் இருப்பதைப் பார்த்து ஒன்றை எடுத்த இடத்தில் இன்னொன்றை வைத்தால் இதுதான் நடக்கும்.

வேரண்ட் சுருக்கமாக. அது வியப்பைச் சொல்லாது, இரண்டை அருகருகே வைத்துக் காட்டும். ஆஸ்திரியாவில் ஆட்டோபான் வரம்பு 130, ஜெர்மனியில் பொது வரம்பு இல்லை, இதுபோன்ற ஒப்பீட்டுக்கு மட்டும் வையுங்கள். ஓப்வோல் மாதிரியே வினை கடைசியில்.

அட, ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். இடுப்புக்குப் பின்னால் வரும் வாதம் எப்படி இருக்க வேண்டும் என்பது. மூன்று 'ப': பெஹாவுப்டுங், பெக்ரூண்டுங், பைஷ்பீல். கூற்று, காரணம், உதாரணம். தங்கை 'பாதுகாப்பு கூடும்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். கூற்று மட்டும். காரணத்தை 'டென்' போட்டுச் சேர்க்கலாம், ஆபர் மாதிரியே அதுவும் வாசலில் நிற்கும், வினை இரண்டாவது இடம். 'வைல்' போட்டால் வினை கடைசிக்குப் போகும். உதாரணத்துக்கு ஜெர்மன் ஓட்டுநர் பள்ளிகளில் சொல்லும் தோராயக் கணக்கு கைகொடுக்கும். வேகத்தைப் பத்தால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 130இல் 169 மீட்டர், 180இல் 324. சூழ்நிலைக்கேற்ப மாறும் தோராயம்தான், ஆனால் கட்டுரைக்குப் பொன். 'பை 180 இஸ்ட் டேர் பிரெம்ஸ்வேக் ஃபாஸ்ட் டொப்பெல்ட் ஸோ லாங்.' 180இல் அந்தத் தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதுதான் மணற்கடிகையின் அடிப்பாகம். இதற்குப் பிறகு புதிய வாதம் எதுவும் வேண்டாம்.

யெடோஹ் எனக்கு மிகப் பிடித்த சொல், ஏனென்றால் அது வாக்கியத்தின் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். 'டாஸ் ரீஸிகோ ஷ்டைக்ட் யெடோஹ்.' வினைக்குப் பின்னால் வந்தாலும் வேலை நடந்துவிடுகிறது. எல்லா வாக்கியமும் இணைப்புச் சொல்லில் தொடங்கினால் அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும், அதை உடைக்க இது ஒன்று போதும்.

கடைசிப் பத்தியில் 'மைனர் மைனுங் நாஹ்', அதாவது 'என் கருத்துப்படி' என்று தொடங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தொடங்குங்கள், ஆனால் அதற்குப் பிறகு காற்புள்ளி வேண்டாம். அந்த மூன்று சொல்லும் சேர்ந்து ஒரே இடம், உடனே வினை. முடிவு ஒரு வாக்கியம், அதிகம் போனால் இரண்டு. தங்கையின் கட்டுரையில் அவ்ஸர்டேம் இரண்டையும் எடுத்துவிட்டேன், மொத்தமே ஐந்து இணைப்புச் சொற்கள்தான் மிஞ்சின. 150 சொல்லுக்குத் தாராளம்.

கோத்தே நிறுவனத்தின் பி2 எழுத்துத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒன்று. மொத்தம் 75 நிமிடம், இரண்டு பகுதிகள், கருத்துப் பகுதியில்தான் இந்த 150 சொல். முடிக்கும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு இணைப்புச் சொல்லின் கீழும் கோடு போடுங்கள், பிறகு அந்த வாக்கியத்தின் வினையை வட்டமிடுங்கள். பொருளைப் படிக்காமல் வட்டங்களை மட்டும் பாருங்கள், தவறான இடத்தில் இருப்பது தானே தெரியும். ஆட்டோபான் வாக்கியத்தை ட்ஸ்வார் வைத்து எழுதிக் கீழே போடுங்கள். அவ்ஸர்டேமில் தொடங்குகிறவர்களுக்கு நான் பதில் எழுத மாட்டேன்.