ஆர்டர் குறைந்தால் ஓவர்ஹெட் ரேட்டை ஏற்றலாமா?

கேள்வி: "சார், ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ அப்பர் கம்பெனியில் காஸ்டிங் பார்க்கிறேன். பட்ஜெட்டில் குளோசிங் பிரிவுக்கு ஜோடிக்கு 80 ரூபாய் ஓவர்ஹெட் போட்டோம். போன மாதம் ஆர்டர் கம்மி. கணக்குப் பார்த்தால் 103 ரூபாய் வருகிறது. ஸ்டாண்டர்டையே 103 ஆக மாற்றச் சொல்கிறார் மேனேஜர். மாற்றலாமா?"

மாற்ற வேண்டாம் தம்பி. உங்கள் வகுத்தலில் தப்பில்லை, 103 தான் வரும். ஆனால் ஓடாமல் நின்ற மெஷின்களுக்குக் கொடுத்த காசும் அந்த 103க்குள் சேர்ந்திருக்கிறது. அதை ஜோடியின் தலையில் கட்டக் கூடாது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நீங்கள் அனுப்பிய தாளை வைத்தே பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் 80 எப்படி வந்தது என்று பார்ப்போம். உங்கள் குளோசிங்கில், அதாவது அப்பரைத் தைத்து இணைக்கும் பிரிவில், 125 பேர், மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி. பெருக்கினால் 25,000 மணி நேரம். லீவு, மெஷின் ரிப்பேர், ஆர்டிக்கிள், அதாவது ஷூ மாடல், மாற்றும்போது போகும் நேரம், புதிதாக வந்தவர்களின் பயிற்சி எல்லாம் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 20,000 மணி என்று வைத்திருக்கிறீர்கள். அதுதான் உங்களுடைய சாதாரண கொள்ளளவு. இந்த இடத்தில் நீங்கள் செய்திருப்பது சரி. சில கம்பெனிகளில் 25,000ஐ அப்படியே போட்டுவிடுவார்கள். ரேட் குறைவாகத் தெரியும், ஆனால் செலவு முழுதாக ஜோடிகள் மேல் ஏறாமல் வருடம் முழுக்கப் பற்றாக்குறையிலேயே ஓடும்.

ஓவர்ஹெட் செலவு இரண்டு வகை. கட்டட வாடகை, மெஷின் தேய்மானம், சூப்பர்வைசர், மெக்கானிக் சம்பளம், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றி வரும் பஸ் ஒப்பந்தம், இதெல்லாம் சேர்ந்து மாதம் 24 லட்சம். பஸ் பாதி காலியாக வந்தாலும் அதே வாடகைதான். இது நிலையானது. கரண்ட் யூனிட், ஊசி, மெஷின் ஆயில், பசை தடவும் பிரஷ் போன்றவை ஓடுகிற ஓட்டத்துக்கு ஏற்ப வரும். அது 8 லட்சம். தைப்பவர்களின் கூலியை நீங்கள் தனியாக நேரடிக் கூலியில் காட்டியிருப்பதால் இதில் வராது. ஈ.பி. பில்லை மட்டும் இரண்டாக உடைத்துப் போடுங்கள். டிமாண்ட் சார்ஜ் நிலையான பக்கம், யூனிட் சார்ஜ் மாறும் பக்கம். ஒரே வரியில் போட்டுவிட்டால் பின்னால் வரும் கணக்கு எல்லாம் கலங்கிவிடும்.

மொத்தம் 32 லட்சத்தை 20,000 மணியால் வகுத்தால் மணிக்கு 160 ரூபாய். அதில் 120 நிலையானது, 40 மாறுவது. உங்கள் சராசரி ஜோடிக்கு ஸ்டாண்டர்டு தையல் நேரம் அரை மணி, அதனால் 80 ரூபாய். மாதம் 40,000 ஜோடி.

இதில் ஒரு சின்னத் திருத்தம். ரேட்டை "மணிக்கு 160" என்றே எழுதி வையுங்கள், "ஜோடிக்கு 80" என்று எழுதாதீர்கள். நான் ஒரு குளோசிங் லைனில் ஸ்டாப்வாட்சோடு நின்று பார்த்திருக்கிறேன். கணுக்கால் வரை வரும் பூட் ஒன்றில் ஸ்கைவிங், மடிப்பு, லைனிங் ஒட்டுதல், ஜிப், இரட்டைத் தையல் என்று துண்டு கைமாறிக்கொண்டே போகும், 45 நிமிடம் ஆகிவிடும். லேடீஸ் சாண்டலுக்கு நாலு வார்தான், 15 நிமிடத்தில் முடியும். மணிக்கு 160 என்றால் பூட் 120 ரூபாய் சுமக்கும், சாண்டல் 40 ரூபாய் சுமக்கும். இரண்டுக்கும் 80 என்று போட்டால் பூட்டை மலிவாக விற்றுவிட்டு, சாண்டல் ஆர்டரை விலை கட்டவில்லை என்று விட்டுவிடுவீர்கள். இந்த நஷ்டம் எந்த ரிப்போர்ட்டிலும் தனி வரியாக வராது. பூட் ஆர்டர் மட்டும் கூடிக்கொண்டே போகும், லாபம் தேய்ந்துகொண்டே போகும். அப்படி நடந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சரி, போன மாதத்துக்கு வருவோம். 30,000 ஜோடிதான் போயிருக்கிறது, அதாவது 15,000 ஸ்டாண்டர்டு மணி. மணிக்கு 160 வீதம் உற்பத்தி ஏற்றுக்கொண்ட ஓவர்ஹெட் 24 லட்சம். ஆனால் கையிலிருந்து போனது 30.9 லட்சம். நிலையானது 24.6, மாறுவது 6.3. ஆக 6.9 லட்சம் எந்த ஜோடியும் சுமக்காமல் நிற்கிறது. மேனேஜர் இதைத்தான் 30,000 ஜோடி மேல் தூவிவிடச் சொல்கிறார், ஜோடிக்கு 23 ரூபாய் வீதம்.

தூவுவதற்கு முன்னால் அந்த 6.9 லட்சத்தை உடைத்துப் பாருங்கள். நிலையான செலவு பட்ஜெட் 24 லட்சம், ஆனது 24.6. இந்த 60,000 அதிகச் செலவு. மாறும் செலவு 15,000 மணிக்கு 40 வீதம் 6 லட்சம் ஆகியிருக்க வேண்டும், ஆனது 6.3. இதுவும் 30,000 அதிகம். மீதி 6 லட்சம்? ஓட வேண்டியது 20,000 மணி, ஓடியது 15,000. ஓடாத 5,000 மணியை 120ஆல் பெருக்குங்கள், சரியாக 6 லட்சம். 6.9 லட்சத்தில் 6 லட்சம் வெறும் காலி மணி நேரத்தின் விலை!

இப்படி உடைத்ததும் யாரைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். 60,000க்கும் 30,000க்கும் குளோசிங் சூப்பர்வைசர் பதில் சொல்லலாம். ஒருவேளை ஒரு மோட்டார் எரிந்திருக்கும், ஊசி அதிகம் உடைந்திருக்கும். அந்த 6 லட்சத்துக்கு அவர் பதில் சொல்ல முடியாது. பையர் சாம்பிள் அப்ரூவல் தாமதித்தாரா, ராணிப்பேட்டையிலிருந்து வர வேண்டிய தோல் நிறம் ஒத்துவராமல் திரும்பிப் போனதா, ஆர்டரே வரவில்லையா, அந்தக் கேள்வி மார்க்கெட்டிங்குக்கும் பர்ச்சேஸுக்கும் போக வேண்டும். ரேட்டை 103 ஆக்கிவிட்டால் இந்த 6 லட்சம் ஜோடிக்குள் கரைந்துவிடும். கேள்வி கேட்கவே ஆள் இருக்காது.

இன்னொரு ஆபத்து விலை சொல்லும்போது வரும். 103 என்று மாற்றிவிட்டு அதே மார்ஜினில் அடுத்த ஆர்டருக்கு விலை கொடுக்கிறீர்கள். 23 ரூபாய் கூடியிருப்பதைப் பார்த்து ஒரு பையர் வாணியம்பாடியில் வேறு இடம் பார்த்துக்கொள்கிறார். ஜோடி 24,000 ஆகிறது. நிலையான 24.6 லட்சத்தை அதால் வகுத்தால் 102 ரூபாய் 50 காசு, மாறும் செலவு போன மாதம் ஆனபடி 21, ஆக 123 ரூபாய் 50 காசு. மறுபடியும் ஸ்டாண்டர்டை மாற்றுவீர்களா? உங்கள் தையலில் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. வகுக்கும் எண் மட்டும்தான் சுருங்கிக்கொண்டே போகிறது.

வருடக் கணக்கிலும் இது நிற்காது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இதையேதான் செய்தார்கள். கடைசி காலாண்டில் ஆர்டர் சரிந்தது, ரேட்டை ஏற்றினார்கள், மார்ச் 31 அன்று ஸ்டாக்கில் இருந்த 9,000 ஜோடிக்கும் அந்த ஏற்றிய ரேட்டையே போட்டார்கள். ஜோடிக்கு 18 ரூபாய் கூடுதல். ஆடிட்டர் உட்கார்ந்து பார்த்துவிட்டு 1,62,000 ரூபாயை ஸ்டாக் மதிப்பிலிருந்து எடுத்து நேராக நஷ்டப் பக்கம் போடச் சொன்னார். அந்த ஷீட்டைத் தயாரித்தவன் நான்தான், அதனால் இன்றும் மறக்கவில்லை. கணக்கியல் தரநிலை 2 இதைத் தெளிவாகவே சொல்கிறது. நிலையான உற்பத்தி மேற்செலவைச் சாதாரண கொள்ளளவை வைத்துத்தான் பிரிக்க வேண்டும், உற்பத்தி குறைந்ததற்காக ஒரு யூனிட்டின் மேல் ஏற்றும் தொகையைக் கூட்டக் கூடாது, ஏற்றப்படாமல் மிஞ்சியது அந்தக் காலத்தின் செலவாகவே போக வேண்டும். அதே தரநிலை மறுபக்கத்தையும் சொல்கிறது. வழக்கத்துக்கு மீறி உற்பத்தி எகிறினால் யூனிட்டுக்கு ஏற்றும் தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆன செலவைவிட ஸ்டாக் மதிப்பு அதிகமாகிவிடும்.

அப்படியென்றால் 80ஐத் தொடவே கூடாதா என்று கேட்பீர்கள். தொடலாம், அதற்கு வேறு காரணம் வேண்டும். ஒரு மாதம் குறைந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். நம் ஷூ தொழிலில் சீசன் மாதமும் உண்டு, காய்ந்த மாதமும் உண்டு. வருடத்துக்கு ஒரே ரேட் வைத்து, காய்ந்த மாதத்தின் பற்றாக்குறையையும் சீசன் மாதத்தின் மிகுதியையும் மாதாந்திர ரிப்போர்ட்டில் ஒரு தனிக் கணக்கில் ஓடவிடுங்கள். வருடக் கடைசியில் மிஞ்சுவதை லாப நஷ்டத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டு சீசன் பார்த்தும் 15,000 மணிக்கு மேல் ஏறவில்லை, பையர் போனவர் போனவர்தான் என்று தெரிந்தால் உங்கள் கொள்ளளவே மாறிவிட்டது. அப்போது ஒரு கன்வேயரை மூடுவதா, பஸ் ஒன்றைக் குறைப்பதா, கட்டடத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதா என்று முதலில் முடிவாக வேண்டும். அதன்பிறகு 24 லட்சமும் குறையும், 20,000 மணியும் குறையும், புது பட்ஜெட்டில் புது ரேட் வரும். செலவைக் குறைக்காமல் மணியை மட்டும் குறைத்தால் அது முன்னே சொன்ன சுழல்தான்.

கடைசியாக, கேள்வியின் அடியில் நீங்கள் சின்னதாக எழுதியிருந்த அந்த 5,000 ஜோடி விஷயம். பையர் ஜோடிக்கு 25 ரூபாய் குறைத்துக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 103ஐ வைத்துப் பார்த்தால் வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் உங்களிடம் 5,000 மணி காலியாக நிற்கிறது, இந்த ஆர்டருக்கு வேண்டியது 2,500 மணிதான். தோல், லைனிங், கூலி எல்லாம் போக, ஓவர்ஹெட்டில் புதிதாக உங்கள் கையிலிருந்து போவது ஜோடிக்கு 20 ரூபாய் மட்டுமே. வாடகையும் சம்பளமும் இந்த ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் போகப்போகிறவை. 80ல் 25 போனாலும் 55 கிடைக்கிறது. 20 கழித்தால் ஜோடிக்கு 35, மொத்தம் 1,75,000 ரூபாய் அந்த 6 லட்சத்தை அடைக்க வரும். உங்கள் மார்ஜினைக்கூட நான் இதில் சேர்க்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பையரிடம் இந்த ஒரு ஆர்டருக்கு மட்டும் இந்த விலை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் காஸ்ட் ஷீட்டில் அந்த ஆர்டிக்கிளின் ஸ்டாண்டர்டு பழைய ரேட்டிலேயே இருக்கட்டும். சீசனில் லைன் நிரம்பி ஓடும்போது அதே பையர் அதே விலையைக் கேட்டு வருவார், அன்றைக்கு அவருக்குக் காட்ட அந்த ஷீட் வேண்டும்.