ட்ரோனால அடிச்ச வயல் ஏன் கோடு கோடா வருது? நொசில், உயரம், அகலம் கணக்கு

வணக்கம் உறவுகளே, இண்டைக்கு கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுத் தண்ணி பாயிற ஒரு வயலுக்க நிக்கிறன், சிறுபோக நெல்லு, மூண்டு கிழமைப் பயிர். சோளகம் எழும்ப முதல் வேலையை முடிக்கோணும், அதால வெள்ளணவே வந்திட்டன், கதையைச் சுருக்கிக்கொண்டு விசயத்துக்கு வாறன்.

இந்தா, வரம்புக்கு அங்கால இருக்கிற வயலைப் பாருங்கோ. ட்ரோனால களைநாசினி அடிச்சு ரெண்டு கிழமை ஆகுது. ஒரு கீலம் புல்லு செத்து மஞ்சளா கிடக்கு, அடுத்த கீலத்தில கோரை பச்சைப்பசேலெண்டு நிக்குது, பிறகும் மஞ்சள், பிறகும் பச்சை. வயல்காரர் சொல்றார் மருந்து கூடாத மருந்தெண்டு. அடிச்ச தம்பி சொல்றான் நான் ஏக்கருக்கு 8 லீற்றர் செற் பண்ணி அடிச்சனான், ஏக்கர் முடிய டாங்கியும் முடிஞ்சது எண்டு. ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை. மருந்தும் நல்லது, லீற்றரும் சரி, அது விழுந்த இடந்தான் பிழை.

எப்பிடியெண்டா, ரிமோட்டில லைன் இடைவெளி 5.5 மீற்றர் எண்டு போட்டா, ட்ரோன் தன்ர ஸ்பீடையும் அந்த இடைவெளியையும் வச்சு எவ்வளவு ஃப்ளோ வேணுமெண்டு கணக்குப் போட்டு பம்பை ஓட்டும். ஆனா மருந்து உண்மையா எத்தினை மீற்றர் அகலத்துக்கு விழுகுதெண்டு அதுக்குத் தெரியாது, உண்மையில 4.5 தான் விழுகுதெண்டா ஒவ்வொரு ரெண்டு ஓட்டத்துக்கும் நடுவில ஒரு மீற்றர் கீலம் மருந்து காணாமக் கிடக்கும், அங்க விழ வேண்டியதும் சேர்ந்து லைனுக்குக் கீழயே விழும். டாங்கிக் கணக்கில இது ஒருக்காலும் பிடிபடாது. அந்த அகலத்தை நாங்கள்தான் அளந்து குடுக்கோணும்.

அதுக்கு முதல் நொசில். என்ர கையில இருக்கிறது நாலு நொசில் வச்ச 10 லீற்றர் ட்ரோன். பட்டரி போட முதல் இறக்கை எல்லாத்தையும் கழட்டிப் போடுங்கோ, இதில விளையாட்டு வேண்டாம். வெறும் தண்ணி விட்டு, பைப்பில நிக்கிற காத்தெல்லாம் போகும்வரைக்கும் பம்பை ஓடவிடோணும், காத்துக் குமிழி நிண்டா ஃப்ளோ சென்சர் கண்டபடி காட்டும். பிறகு நாலு நொசிலுக்கும் கீழ நாலு அளவுச் சாடி வச்சு சரியா ஒரு நிமிசம் பிடிக்கிறது. எனக்கு வந்தது 590, 600, 585, நாலாவது 470 மில்லிலீற்றர். நாலாவதைக் கழட்டிப் பாத்தா ஃபில்டர் வலையில மருந்துத்தூள் கட்டியா இருந்தது, பழைய பல்லுத்தூரிகையால தேச்சுக் கழுவ 580க்கு வந்திட்டுது. ஊசி கம்பி ஒண்டும் விட்டுக் குத்தாதேங்கோ, ஓட்டை கெட்டுப்போம். அதே பிறஷரில புது நொசில் குடுக்கிறதை விட 10 வீதத்துக்கு மேல கூடக் குடுக்கிற நொசிலெண்டா அது தேஞ்சு போச்சு, எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்கோ.

இப்ப நாலையும் கூட்டினா 2355 மில்லிலீற்றர், ரிமோட்டில அந்த நிமிசத்துக்கு 2.1 லீற்றர் எண்டுதான் காட்டினது. அப்பிடியே விட்டா 8 லீற்றர் எண்டு நினைச்சு 9 லீற்றர் அடிப்பம். செற்றிங்கில ஃப்ளோ கலிபிரேசனுக்குப் போய் சாடியில வந்த கணக்கைக் குடுத்துச் சரிப்பண்ணியாச்சு.

சரி, இனித்தான் முக்கியமான வேலை. ஓட்டத்துக்குக் குறுக்கா 10 மீற்றர் நீளத்துக்கு அரை மீற்றருக்கு ஒரு வெள்ளைப் பேப்பர் துண்டு, நெல்லு நுனி மட்டத்தில, தடியில குத்தி வச்சிருக்கிறன். இதுக்கெண்டே தண்ணி பட்டா நீலமாகிற மஞ்சள் கார்ட் இருக்கு, அது கிடைச்சா நல்லம், கிடைக்காட்டி தண்ணிக்க சிவப்புக் கேசரிப்பவுடர் கரைச்சு வெள்ளைப் பேப்பரிலயே பாக்கலாம். ட்ரோனை கனதூரத்தில இருந்து கொண்டுவந்து, முழு ஸ்பீடில, காத்துக்கு நேரெதிரா, நடுப் பேப்பருக்கு மேலால ஒருக்கா மட்டும் விடோணும். பிறகு ஒவ்வொரு பேப்பரிலயும் ஒரு சதுர சென்ரிமீற்றருக்க எத்தினை பொட்டெண்டு எண்ணுறது. நடுவில இருக்கிறதில பாதியாக் குறையிற இடத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் பாருங்கோ, அந்த ரெண்டுக்கும் நடுவில உள்ள தூரம்தான் உங்கட லைன் இடைவெளி. ஏன் பாதியெண்டா, இந்த ஓட்டத்தின்ர ஓரம் பாதி போடும், அடுத்த ஓட்டத்தின்ர ஓரம் மற்றப் பாதியைப் போடும், ரெண்டும் சேர முழுசு.

செக்கனுக்கு 4 மீற்றர் ஸ்பீடில, நெல்லு நுனியில இருந்து நொசில் 1.5 மீற்றர் உயரத்தில விட்டுப் பாத்தன், நடுவில பேப்பர் நனைஞ்சு வழியுது, அகலம் 3 மீற்றர்தான், பத்தாததுக்கு இறக்கைக் காத்து நெல்லைப் போட்டு அமத்துது. 3.5 மீற்றருக்கு ஏத்தினா அகலம் என்னவோ 6க்குக் கிட்டப் போகுது, ஆனா பொட்டு அங்கொண்டு இங்கொண்டு, காத்துக் கொஞ்சம் சரிஞ்சு அடிச்சதுக்கே எல்லாம் காத்துப் போற பக்கமா ஒரு மீற்றர் தள்ளி விழுந்திருக்கு. உயரத்தில இறக்கைக் காத்தின்ர அமத்தம் கீழ வந்துசேராது, அப்ப துளி சோளகத்தின்ர சொல்லைத்தான் கேக்கும். 2.5 மீற்றரில அகலம் 4.5, நடுவும் ஓரமும் சீரா இறங்கி வருது, நான் இதைத்தான் எடுத்தன். அகலமா வந்தா கெதியா முடிக்கலாம் எண்டு 6ஐ எடுக்கிற ஆக்கள் இருக்கினம், அந்த வயலையும் ரெண்டு கிழமையால போய்ப் பாக்கோணும்.

இப்ப கணக்கு லேசு. செக்கனுக்கு 4 மீற்றர் எண்டா நிமிசத்துக்கு 240, அதை 4.5ஆல பெருக்க 1080 சதுர மீற்றர். ஏக்கர் 4047 சதுர மீற்றர், அப்ப திரும்பிற நேரத்தை விட்டா 3.75 நிமிசத்தில ஒரு ஏக்கர். 8 லீற்றரை 3.75ஆல பிரிக்க நிமிசத்துக்கு 2.13 லீற்றர், நொசிலுக்கு 0.53. பச்சை நொசில், அதான் 015, 3 பார் பிறஷரில 0.6 கிட்டக் குடுக்கும், அப்ப 0.53க்கு 2.4 பார் காணும், விசிறி வடிவா விரியும். இதையே மஞ்சள் 02 நொசிலில எடுக்கப்போனா பிறஷர் 1.3, 1.4க்கு இறங்கீடும், விசிறி விரியாது, துளியும் பெருத்துப்போம், பேப்பரில எடுத்த அகலமும் மாறும். அதால நொசில் மாத்தினா, உயரம் மாத்தினா, ஸ்பீட் மாத்தினா, திரும்பப் பேப்பர் வைக்கோணும்.

ஆ, மருந்தளவு. முதுகில கொழுவிற டாங்கிக்கு இவ்வளவு எண்டுதான் எங்கட ஆக்களுக்குப் பழக்கம், ட்ரோனுக்கு அப்பிடிக் கலக்காதேங்கோ, ஏக்கருக்கு எவ்வளவு எண்டு லேபிளில இருக்கோ அதை முழுசா அந்த 8 லீற்றருக்க போடோணும்.

உயரத்தில இன்னொரு சிக்கல், ட்ரோனின்ர ராடார் இந்தச் சின்னப் பயிரில நுனியைப் பிடிக்காது, கீழ நிக்கிற தண்ணியைத்தான் பிடிக்கும். நெல்லு ஒரு சாண் உயரமெண்டா ரிமோட்டில 2.5 போட்டாலும் நுனிக்கு மேல 2.3 தான். ராடார் உடம்பில, நொசில் அதுக்கும் கீழ தொங்குது, அதையும் கூட்டிப் போடுங்கோ. 2.5இல குறி வச்ச தடியொண்டை பயிருக்க நட்டு, தள்ளி நிண்டு, ட்ரோனை அதுக்குப் பக்கத்தில நிப்பாட்டிப் பாத்தா எவ்வளவு கூட்டோணும் எண்டு தெரியும். கதிர் வாற நேரம் ராடார் நுனியையே பிடிக்கத் தொடங்கும், அப்ப பயிர் உயரத்துக்கெண்டு கூட்டினதை மட்டும் திரும்பக் கழிக்கோணும்.

மேற்கால பாருங்கோ, அந்தக் காணியில கச்சான் போட்டிருக்கினம். நான் இண்டைக்கு அடிக்கிறது அகலிலைக் களைக்கு அடிக்கிற மருந்து, கச்சானும் அகலிலைதான். சோளகம் தென்மேற்கில இருந்து வாறபடியா இப்ப அந்தப் பக்கம் போகாது, ஆனா கிழக்கால ஒரு உழுந்துக் காணி இருக்கு, அதால அந்த வரம்போரம் கடைசி ரெண்டு ஓட்டத்தை விட்டிட்டு முதுகு டாங்கியால அடிக்கப் போறன். ட்ரோனால எல்லாத்தையும் அடிக்கலாம் எண்டு சொல்றவையளை நம்பாதேங்கோ.