x² − 3x ஒன்றுக்கொன்றா?

வணக்கம். கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: f(x) = x² − 3x. இது ஒன்றுக்கொன்றான சார்பா என்று கேட்டதும் முன்வரிசையில் இருந்து "இல்லை சார்" என்று குரல் வருகிறது. பரவளையம், கிடைமட்டக் கோடு போட்டால் இரண்டு இடத்தில் வெட்டும், கதை முடிந்தது. ஆனால் நான் கேட்டது பாதிக் கேள்விதான். எந்த மதிப்பகத்தில் இருந்து எந்தத் துணை மதிப்பகத்துக்கு என்று நான் சொல்லவே இல்லையே! யாராவது ஒருவர் அதைத் திருப்பிக் கேட்பீர்கள் என்று பார்த்தேன்.

உங்களைக் குறை சொல்லவில்லை. சூத்திரம்தான் சார்பு என்று ஆய்லரே 1748-இல் எழுதினார். இன்று நாம் சார்பு என்று சொல்வது மூன்றும் சேர்ந்தது: மதிப்பகம், துணை மதிப்பகம், இரண்டையும் இணைக்கும் விதி. விதியை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டில் எதை மாற்றினாலும் அது வேறு சார்பு, விடையும் மாறலாம்.

சரி, வேலைக்கு வருவோம். ஒன்றுக்கொன்றா என்று சோதிக்க f(a) = f(b) என்று எடுத்துக்கொள்வோம். a² − 3a = b² − 3b. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினால்

(a − b)(a + b − 3) = 0

இந்த வரியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒன்று, a = b. இல்லையென்றால் a + b = 3. அதாவது, கூட்டினால் 3 வருகிற இரண்டு வெவ்வேறு எண்கள் மதிப்பகத்துக்குள் இருந்தால் ஒன்றுக்கொன்று கிடையாது. அப்படி ஒரு சோடிகூட இல்லாவிட்டால் ஒன்றுக்கொன்றுதான். படமே தேவையில்லை, மதிப்பகத்தைப் பார்த்தால் போதும்.

முழுக்களை மதிப்பகமாக எடுங்கள். 1-உம் 2-உம் உள்ளே இருக்கின்றன, கூட்டினால் 3. இரண்டுக்கும் நிழல் உரு −2. தோல்வி. இப்போது இரட்டை முழுக்களை மட்டும் எடுங்கள்: …, −4, −2, 0, 2, 4, 6, … இரண்டு இரட்டை எண்களைக் கூட்டினால் ஒற்றை எண்ணான 3 எப்படி வரும்? வராது. ஆகவே இந்த மதிப்பகத்தில் f ஒன்றுக்கொன்றானது. பரவளையத்தின் முனை x = 1.5-இல் இருக்கிறது, நம் மதிப்பகமோ அதற்கு இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகிறது. முழுப் பரவளையத்தை வரைந்து கிடைமட்டக் கோடு போட்டவர் இங்கே தவறான விடை எழுதுவார். சோதனை கெட்டதல்ல, வரைய வேண்டியது தனித்தனிப் புள்ளிகளை, அவர் வரைந்தது தொடர்ந்த கோடு.

அப்புறம் மேல் சார்பு. இங்கே கேள்வி எதிர்த்திசையில் போகிறது. துணை மதிப்பகத்தில் ஒரு y எடுத்து, அதன் முன் உருவைத் தேட வேண்டும். x² − 3x = y என்ற இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால்

x = (3 ± √(9 + 4y)) / 2

பல விடைத்தாள்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. "x கிடைத்துவிட்டது, ஆகவே மேல் சார்பு" என்று எழுதிவிடுகிறார்கள். கிடைத்த x மதிப்பகத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனையே. முழுக்களில் இருந்து இரட்டை முழுக்களுக்கு என்று வைத்துப் பாருங்கள். x, x − 3 இரண்டில் ஒன்று கட்டாயம் இரட்டை எண் என்பதால் x(x − 3) எப்போதும் இரட்டைதான். பொருத்தம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் y = 2 போடுங்கள். √17 வருகிறது, x முழு அல்ல. 2-க்கு முன் உரு இல்லை, மேல் சார்பு இல்லை. விகிதமுறு எண்களை மதிப்பகமாக எடுத்தாலும் இதே √17 வந்து தடுக்கும்.

இனி மெய்யெண் இடைவெளிகள். தேர்வில் அதிகம் வருவது இதுதான். f : [2, 4] → [−2, 4] என்று கொடுத்திருக்கிறார்கள். முதல் வேலை, இது சார்புதானா என்று பார்ப்பது. [2, 4] முனைக்கு வலப்பக்கம் இருப்பதால் f ஏறிக்கொண்டே போகிறது: f(2) = −2, f(4) = 4. எல்லா நிழல் உருக்களும் துணை மதிப்பகத்துக்குள் விழுகின்றன, சார்புதான். மதிப்பகத்தை மட்டும் [2, 5] என்று மாற்றினால்? f(5) = 10, அது [−2, 4]-க்கு வெளியே. அது மேல் சார்பு இல்லை என்று எழுதாதீர்கள். அது சார்பே இல்லை.

[2, 4]-க்குத் திரும்புவோம். a, b இரண்டும் 2-க்குக் குறையாதவை, கூட்டினால் 4-க்குக் குறையாது, 3 வராது; ஒன்றுக்கொன்று. y-ஐ −2 முதல் 4 வரை எடுத்தால் 9 + 4y ஒன்றில் இருந்து 25 வரை போகும், வர்க்கமூலம் 1 முதல் 5 வரை. பிளஸ் குறி எடுத்தால் x சரியாக 2 முதல் 4 வரை. மேல் சார்பும்தான், ஆகவே இருபுறச் சார்பு. மைனஸ் குறி எடுத்திருந்தால் x = 1 முதல் −1 வரை, மதிப்பகத்துக்கு வெளியே. துணை மதிப்பகத்தை [−2.25, 4] என்று விரித்தால் மேல் சார்பு போய்விடும், ஏனென்றால் −2.25-இன் ஒரே முன் உரு 1.5, அது [2, 4]-இல் இல்லை. ஒன்றுக்கொன்று என்பதோ அசையாது. துணை மதிப்பகம் மேல் சார்பை மட்டுமே தொடும். மதிப்பகம் இரண்டையும் தொடும்: அதைச் சுருக்கினால் ஒன்றுக்கொன்று ஆவது எளிதாகும், அதே சமயம் முன் உருக்கள் தொலைந்து மேல் சார்பு கெட வாய்ப்பு உண்டு.

மதிப்பகம் [0, 4] என்றால் வீச்சகம் என்ன? ஓரங்களில் மட்டும் போட்டுப் பார்த்து [0, 4] என்பவர்கள் உண்டு. f(1) = −2 என்பதை மறந்துவிடுகிறார்கள். முனை உள்ளே இருப்பதால் வீச்சகம் [−2.25, 4].

கடைசியாக எனக்குப் பிடித்த ஒன்று. மதிப்பகம் [0, 1) ∪ [1.5, 2]. இது முனையின் இரு பக்கமும் இருக்கிறது; இதில் f முதலில் இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. ஏறுமுகமும் இல்லை, இறங்குமுகமும் இல்லை, ஆகவே ஒன்றுக்கொன்று இல்லை என்று சொல்லத் தோன்றும். நம் வரியைக் கொண்டு பாருங்கள். [0, 1)-இல் உள்ள எண்ணோடு கூட்டி 3 ஆக்க 2-க்கு மேற்பட்ட எண் வேண்டும், அது உள்ளே இல்லை. [1.5, 2]-க்குள்ளேயே இரண்டு வெவ்வேறு எண்களைக் கூட்டினால் 3-ஐத் தாண்டிவிடும். சோடியே இல்லை, ஒன்றுக்கொன்று! முதல் துண்டு (−2, 0]-ஐ நிரப்புகிறது, இரண்டாவது [−2.25, −2]-ஐ. சேர்த்தால் [−2.25, 0], இடைவெளியும் இல்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் இல்லை. துணை மதிப்பகத்தை [−2.25, 0] என்று வைத்தால் இருபுறச் சார்பு.

நேர்மாறு எழுதும்போது மட்டும் குறியில் கவனம். y, −2-ஐ விடப் பெரிது என்றால் மைனஸ். −2 அல்லது அதற்குக் கீழே என்றால் பிளஸ். சரியாக y = −2 என்று போட்டு இரண்டு குறியிலும் கணக்கிட்டுப் பாருங்கள். மைனஸில் 1 வரும், நம் மதிப்பகத்தில் அந்த ஒரு புள்ளிக்கு இடமில்லை. பிளஸில் 2.