‘கேன்’ வந்த பிறகு வினைச்சொல் எப்படி நிற்க வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலம் கற்கத் தொடங்கியவர்களுக்குத் தரப்படும் பிழைதிருத்தப் பயிற்சிகளில் ‘ஷி கேன் ஸ்விம்ஸ்’, ‘ஹீ மஸ்ட் டு கோ’ என்ற வகையிலான வாக்கியங்கள் தவறாமல் இடம்பெறும். ‘கேன்’, ‘குட்’, ‘மே’, ‘மைட்’, ‘ஷல்’, ‘ஷுட்’, ‘வில்’, ‘வுட்’, ‘மஸ்ட்’ ஆகிய துணைவினைகளுக்குப் பிறகு முதன்மை வினை தன் அடிவடிவத்தில் மட்டுமே வரும். அதன் முன்னால் ‘டு’ சேராது, பின்னால் ‘எஸ்’ ஒட்டாது. விதி இவ்வளவு சிறியதாக இருந்தும், அதைச் சொல்லிக்கொடுத்த மறுநாளே மாணவர்கள் வேறொரு வகையில் தவறுகிறார்கள். அந்த இரண்டாவது வகைத் தவற்றைப் பற்றியே இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

முதலில், இந்த ‘டு’வும் ‘எஸ்’ஸும் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். ‘எஸ்’ வருவது முந்தைய பாடத்திலிருந்து. ‘ஷி’, ‘ஹீ’, ‘இட்’ என்று வாக்கியம் தொடங்கினால் வினையோடு ‘எஸ்’ சேர்க்க வேண்டும் என்று பல நாள் பயிற்சி பெற்ற மாணவர், இடையில் ‘கேன்’ வந்து நிற்பதைக் கவனிக்காமல் பழக்கத்தின்படி ‘ஸ்விம்ஸ்’ என்று எழுதிவிடுகிறார். ‘டு’ வருவதற்கோ நம் மொழிப்பாடமே பெரும்பாலும் காரணமாகிறது. சொற்பட்டியலில் ‘போ’ என்பதற்கு ‘கோ’ என்றும் ‘போக’ என்பதற்கு ‘டு கோ’ என்றும் எழுதிப் பழகிய மாணவர், ‘போக முடியும்’ என்று மனத்தில் நினைத்ததும் ‘கேன் டு கோ’ என்று எழுதுகிறார். ‘ஐ வான்ட் டு கோ’ என்ற வாக்கியம் சரியாக இருப்பதால் இதுவும் சரியென்றே அவருக்குத் தோன்றுகிறது.

தமிழ் மாணவருக்கு இதில் உதவக்கூடிய ஒன்றும் தமிழிலேயே இருக்கிறது. ‘அவள் பாடுகிறாள், அவன் பாடுகிறான், அவர்கள் பாடுகிறார்கள்’ என்று ஆளுக்கேற்ப விகுதி மாறினாலும், ‘பாட வேண்டும்’, ‘பாடலாம்’ என்று சொல்லும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. அவள் பாடலாம், அவன் பாடலாம், அவர்கள் பாடலாம். ஆங்கிலத்தில் ‘எஸ்’ மறைவதும் இதைப் போன்றதுதான் என்று சொன்னால், புதிய விதியொன்றை மனப்பாடம் செய்யும் சுமை மாணவருக்கு இராது.

‘கேன்’ என்ற துணைவினையே ஏன் ‘கேன்ஸ்’ ஆவதில்லை என்று கேட்கும் மாணவருக்கும் விடை உண்டு. இத்துணைவினைகளுள் பல, மிகப் பழைய காலத்தில் வடிவளவில் இறந்தகால வினைகளாக இருந்து, பிறகு நிகழ்காலப் பொருளுக்கு வந்தவை. ‘ஹீ சேங்’ என்பதில் ‘எஸ்’ இல்லாதது போலவே ‘ஹீ கேன்’ என்பதிலும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இவற்றைத் தொடர்ந்து வந்த வினை ‘டு’ இல்லாமல், தனக்கென்று ஒரு விகுதியோடு வந்தது. அவ்விகுதி காலப்போக்கில் தேய்ந்துபோக, வெறும் அடிவடிவம் எஞ்சியது. வேறு பல வினைகளின் பின்னால் ‘டு’ பரவியபோதும் இவற்றின் பின்னால் அது நுழையவில்லை. ‘ஆட் டு’ மட்டும் விலக்கு. தொடக்கநிலையில் அதைத் தனிச்சொல்லாகக் கற்பித்துவிடுவதே நல்லது.

இனி இரண்டாவது வகைத் தவறு. ஒரு பயிற்சித்தாளில் உள்ள பத்து வாக்கியங்களும் பிழையானவையாக இருந்தால், மாணவர் விரைவில் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிடுவார். ‘டு’ கண்ணில் பட்டால் அடிப்பது, ‘எஸ்’ கண்ணில் பட்டால் அடிப்பது. பத்துக்குப் பத்து மதிப்பெண்ணும் கிடைக்கும். அவர் விதியைக் கற்றாரா என்பது அத்தாளிலிருந்து தெரியாது. ஆகவே, சரியான வாக்கியங்களையும் இடையிடையே கலந்து கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எடுத்துக்காட்டாக, ‘வீ கேன் கோ டு த மார்க்கெட்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள். விதியை அரைகுறையாகக் கற்ற மாணவர் அந்த ‘டு’வை அடித்துவிடுவார். இங்கே ‘டு’ சந்தைக்கு என்பதில் உள்ள ‘கு’வின் வேலையைச் செய்கிறது, வினைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘ஷி மே வான்ட் டு கம்’ என்பதில் ‘மே’யை அடுத்து வரும் ‘வான்ட்’ அடிவடிவத்திலேயே இருக்கிறது. பின்னால் வரும் ‘டு’ அந்த ‘வான்ட்’ கேட்டு வாங்குவது. ‘ஹீ ஹேஸ் டு கோ’ என்பதும் சரியான வாக்கியமே, ஏனெனில் பொருளில் ‘மஸ்ட்’டை ஒத்திருந்தாலும் ‘ஹேஸ்’ இந்தத் துணைவினைக் குழுவைச் சேர்ந்ததன்று. அது ‘எஸ்’ஸையும் ஏற்கும், ‘டு’வையும் கேட்கும். ஆகையால், ‘துணைவினையை ஒட்டி உடனே ஒரு டு வருகிறதா’ என்று மட்டுமே மாணவர் பார்க்க வேண்டும். ‘எஸ்’ஸுக்கும் இதே எச்சரிக்கை தேவை. ‘யூ மஸ்ட் பாஸ்’ என்பதில் ஈற்றிலுள்ள ‘எஸ்’ அந்தச் சொல்லுக்கே உரியது. ‘டிஸ்கஸ்’, ‘மிஸ்’ ஆகியவையும் அப்படித்தான். அகராதியில் அச்சொல் எப்படி இருக்கிறதோ அதுவே அடிவடிவம் என்று சொல்லிவிட்டால் குழப்பம் தீரும்.

துணைவினைக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல் புகும்போதுதான் நன்றாகப் படிக்கும் மாணவரும் வழுக்குகிறார். ‘கேன் யுவர் சிஸ்டர் டிரைவ்ஸ்?’ என்ற கேள்வியில் ‘சிஸ்டர்’ என்ற எழுவாய் வினைக்குப் பக்கத்தில் நிற்பதால், அதைக் கண்டவுடன் கை ‘எஸ்’ஸைச் சேர்த்துவிடுகிறது. ‘ஷி வில் ஆல்வேஸ் ஹெல்ப்ஸ்’, ‘ஷி கேன் சிங் அண்ட் டான்ஸஸ்’ ஆகியவையும் இவ்வகையே. கடைசி வாக்கியத்தில் பாடுவது, ஆடுவது இரண்டுமே அவளுடைய திறமைகள் என்பது கருத்தானால், இரண்டு வினைகளும் ‘கேன்’ என்பதற்கே உரியவை. எனவே ‘சிங் அண்ட் டான்ஸ்’ என்றே எழுத வேண்டும். ‘ஈஸ்’, ‘ஹேஸ்’ ஆகியவற்றில் அடிவடிவம் வேறு சொல்லைப் போலவே தோன்றுவதால் அவற்றுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். ‘ஹீ வில் ஈஸ் லேட்’ என்பது ‘ஹீ வில் பி லேட்’ என்றும், ‘ஷி மஸ்ட் ஹேஸ் எ டிக்கெட்’ என்பது ‘ஷி மஸ்ட் ஹேவ் எ டிக்கெட்’ என்றும் மாற வேண்டும். இங்கே ‘எஸ்’ஸை அடிக்கும் குறுக்குவழி பயன்படவே பயன்படாது.

மாணவர் உண்மையில் புரிந்துகொண்டாரா என்று அறிய, வாக்கியத்தை இரு திசையிலும் மாற்றச் சொல்லலாம். ‘ஷி சிங்ஸ்’ என்பதில் ‘கேன்’ சேர்க்கச் சொன்னால் ‘ஷி கேன் சிங்’ என்று வர வேண்டும். பிறகு அந்தக் ‘கேன்’ என்பதை நீக்கச் சொன்னால் ‘எஸ்’ மறுபடியும் தோன்ற வேண்டும். முதல் மாற்றத்தைச் செய்ய முடியாதவருக்குத் துணைவினைப் பயிற்சியைத் தொடரலாம். முதலாவதைச் சரியாகச் செய்துவிட்டு, இரண்டாவதில் ‘ஷி சிங்’ என்று எழுதுபவர் ‘எஸ்’ஸை அடிக்க மட்டுமே கற்றிருக்கிறார். அவருக்கு இன்னுமொரு பிழைதிருத்தத் தாளைக் கொடுப்பதைவிட, ‘ஹீ’, ‘ஷி’ என்று தொடங்கும் எளிய நிகழ்கால வாக்கியங்களை அவரே எழுதும்படி சில நாட்கள் பயிற்சி கொடுத்துவிட்டு, அதன் பிறகு ‘கேன்’ பாடத்துக்குத் திரும்புங்கள். வணக்கம்.